அறுபதுக்குப் பின் ஐயாயிரம்: உறுதியான ஓய்வூதியமா, சந்தையோடு வளரும் நிதியா?

அருப்புக்கோட்டை நூற்பாலை ஒன்றில் நிலையான வேலையில் இருப்பவருக்கு மாதந்தோறும் ஊதியத்தில் ஒரு பகுதி வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்தம் செய்யப்படுகிறது. ஆலை நிருவாகமும் தன் பங்கைச் செலுத்துகிறது. தாம் நினையாமலே அவருடைய முதுமைக்கு ஒரு சேமிப்பு வளர்ந்து வருகிறது. அதே ஊரில் இரண்டு விசைத்தறிகளைச் சொந்தமாக வைத்துக் கூலிக்குச் சேலை நெய்து கொடுப்பவரின் நிலை வேறு. திருச்சுழிப் பக்கத்தில் மழையை நம்பிக் கரிசல் காட்டில் விதைத்து, கோடையில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவரின் நிலையும் அப்படியே. இவர்கள் தமக்குத் தாமே முதலாளிகள். ஆதலால் முதலாளியின் பங்கு என்று ஒன்று இவர்களுக்கு இல்லை. பிடித்தம் செய்து சேர்த்து வைப்பாரும் இல்லை. உழைக்கும் கை ஓய்ந்த நாளில் என்ன வருவாய் என்ற கேள்விக்கு இவர்களே விடை காண வேண்டும்.

இத்தகையோருக்கு இன்று இரண்டு வாயில்கள் திறந்துள்ளன. ஒன்று, இவ்வளவு செலுத்தினால் இவ்வளவு கிடைக்கும் என்று அரசே உறுதி கூறும் அடல் ஓய்வூதியத் திட்டம். மற்றொன்று, செலுத்தும் பணத்தைப் பங்குச் சந்தையிலும் கடன் பத்திரங்களிலும் இட்டு வளர்க்கும் தேசிய ஓய்வூதியத் திட்டம். முன்னது பாதுகாப்பானது, பின்னது ஆபத்தானது என்று சிலர் சொல்வர். முன்னது அற்பமானது, பின்னதே இலாபமானது என்று வேறு சிலர் சொல்வர். இரண்டு கூற்றும் பாதி உண்மையே. கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் முழு உண்மையும் விளங்கும்.

உறுதி கூறும் திட்டம்

அடல் ஓய்வூதியத் திட்டம் 2015ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. 18 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்கள், வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேமிப்புக் கணக்கு இருந்தால், இதில் சேரலாம். ஆனால் 2022 அக்டோபர் முதல், வருமான வரி செலுத்துவோர் புதிதாகச் சேர இயலாது. 60 வயது முதல் மாதம் 1,000, 2,000, 3,000, 4,000, 5,000 ரூபாய் என்ற ஐந்து படிகளில் எது வேண்டுமென்று சேருகிறவரே தேர்ந்துகொள்கிறார். அதற்கேற்பச் செலுத்த வேண்டிய தொகை வயதைப் பொறுத்து அமைகிறது. 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 18 வயதில் சேருபவர் மாதம் 210 ரூபாய் செலுத்தினால் போதும். 30 வயதில் சேருபவருக்கு அது 577 ரூபாய். 40 வயதில் சேருபவருக்கோ 1,454 ரூபாய். காலந்தாழ்த்துவதன் விலை இந்த மூன்று எண்களிலேயே தெரிகிறது.

உறுப்பினர் இறந்தால் அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ அதே ஓய்வூதியம் ஆயுள் முழுவதும் கிடைக்கும். இருவரும் மறைந்தபின், 5,000 ரூபாய்ப் படியில் இருந்தவரின் வாரிசுக்கு 8 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்கப்படும். உறுப்பினர் 60 வயதுக்கு முன்பே இறந்துவிட்டால், எஞ்சிய காலத்துக்கு வாழ்க்கைத் துணை தொடர்ந்து செலுத்தி ஓய்வூதியம் பெறலாம். வேண்டாமெனில் சேர்ந்த பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். திரட்டிய பணம் எதிர்பார்த்த அளவு வளரவில்லையாயின் குறைவை அரசு ஈடு செய்யும் என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி.

சந்தையோடு வளரும் திட்டம்

தேசிய ஓய்வூதியத் திட்டம் முதலில் அரசு ஊழியர்களுக்காக ஏற்பட்டது; 2009 மே முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இதில் மாதந்தோறும் குறித்த தொகை கட்டவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஒரு தடவைக்குக் குறைந்தது 500 ரூபாய், ஓர் ஆண்டுக்குக் குறைந்தது 1,000 ரூபாய் செலுத்தினால் கணக்கு உயிரோடிருக்கும். தை, மாசியில் வெள்ளாமை வீடு சேர்ந்தபின் ஒரு பெருந்தொகையும், தீபாவளி நெசவு முடிந்தபின் மற்றொரு தொகையும் செலுத்தலாம். வருவாய் ஒழுங்காக வராத வானம் பார்த்த பூமியில் இது சிறிய வசதியன்று.

செலுத்திய பணத்தை ஓய்வூதிய நிதி நிறுவனம் ஒன்று பங்குகள், நிறுவனக் கடன் பத்திரங்கள், அரசுக் கடன் பத்திரங்கள் என்று பிரித்து இடுகிறது. ஆனால் 60ஆம் வயதில் எவ்வளவு திரளும் என்று எவரும் உறுதி கூறுவதில்லை. திரண்ட தொகையில் ஒரு பகுதியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்து மாத வருவாயாகப் பெறவேண்டும். இதனை ஆனுவிட்டி என்பர். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, ஆயுள் உள்ளவரை மாதந்தோறும் ஒரு சிறு தொகையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. வாங்கும் நாளில் நிலவும் வட்டி நிலையைப் பொறுத்தே அதன் விகிதம் அமையும்.

ஒரே பணத்தை இரண்டிலும் இட்டால்

30 வயதுடைய நெசவாளர் ஒருவர் மாதம் 577 ரூபாய் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 வயது வரை 360 மாதங்கள். அவர் கையிலிருந்து செல்வது மொத்தம் 2 லட்சத்து 7 ஆயிரத்து 720 ரூபாய்.

இதனை அடல் திட்டத்தில் இட்டால் 60ஆம் வயதில் மாதம் 5,000 ரூபாய். அதற்கு அடியில் நிற்கும் மூலதனம் 8 லட்சத்து 50 ஆயிரம். கணக்கிட்டுப் பார்த்தால், சேமிக்கும் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 8 விழுக்காடு வளர்ச்சியும், அதன்பின் ஆயுள் முழுவதும் மூலதனத்தின் மேல் ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட வருவாயும் இதனுள் அடங்கியிருப்பது தெரியும். கணவன் மனைவி இருவருக்கும் ஓய்வூதியம், அதன்பின் வாரிசுக்கு மூலதனம், இவற்றோடு இந்த விகிதத்தை உறுதியாகப் பெறுவது எளிதன்று.

அதே 577 ரூபாயைத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இட்டால் என்ன ஆகும்? செலவினங்களைக் கழிக்காமல் பார்த்தால், ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்ந்தால் ஏறத்தாழ 5 லட்சத்து 80 ஆயிரம் சேரும். 8 விழுக்காடானால் 8 லட்சத்து 60 ஆயிரம். 10 விழுக்காடானால் 13 லட்சம். அந்த நாளில் ஆனுவிட்டி விகிதம் 6 விழுக்காடாக இருக்குமானால், மாதம் 5,000 ரூபாய் பெற 10 லட்சம் ரூபாய் வேண்டும். அதற்கு 30 ஆண்டுகளும் சராசரியாக எட்டே முக்கால் விழுக்காடு வளர்ந்தாக வேண்டும். அது நடக்கக்கூடியதே. அதற்கு மேலும் கிடைக்கலாம். ஆனால் உறுதி இல்லை.

ஆகவே முதல் 577 ரூபாயைப் பொறுத்தவரை அடல் திட்டம் அற்பமானதென்று ஒதுக்குவது தவறு. அத்தொகைக்கு அதனினும் நிச்சயமான பயன் தரும் ஏற்பாடு எளிதில் கிடைக்காது.

ஐயாயிரம் மெலியும் விதம்

அப்படியாயின் அடல் திட்டம் ஒன்றே போதுமா? போதாது. அரசு உறுதி கூறுவது ரூபாயை. அரிசியையும் பருப்பையும் அன்று. 5,000 ரூபாய் என்ற உச்சவரம்பு 2015இல் வகுக்கப்பட்டது. விலைவாசி ஏறினாலும் அந்த ஓய்வூதியம் ஏறாது.

ரிசர்வ் வங்கிக்கு அரசு வகுத்துள்ள விலையேற்ற இலக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு. 6 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் அதில் அடங்கும். நாம் நடுவே 5 விழுக்காடு என்று கொள்வோம். இன்று 100 ரூபாய்க்கு வாங்கும் மளிகைக்கு 30 ஆண்டுகள் கழித்து 432 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும். அன்று கைக்கு வரும் 5,000 ரூபாய், இன்றைய 1,157 ரூபாய்க்குச் சமம். இன்று 30 வயதுள்ளவர் அதைக்கொண்டு முதுமை முழுவதையும் ஓட்டிவிடலாமென்று எண்ணினால் ஏமாந்து போவார். ஆனால் 40 வயதில் சேருபவருக்கு 20 ஆண்டுகளே இடையில் உள்ளமையால் மெலிவு சற்றுக் குறைவு. அவருக்கு அந்த 5,000 ரூபாய் இன்றைய 1,884 ரூபாய்க்குச் சமமாகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் வழியாக வாங்கும் சாதாரண ஆனுவிட்டியும் 60 வயதுக்குப் பின் ஏறுவதில்லை. அதனையும் விலைவாசி தின்னும். ஆகவே சந்தைத் திட்டம் விலைவாசியை வென்றுவிடும் என்று பொதுப்படச் சொல்வது சரியன்று. அதன் உண்மையான மேன்மை 60 வயதுக்கு முந்திய ஆண்டுகளில் இருக்கிறது. அதற்கு உச்சவரம்பு இல்லை. கூலி உயர உயரச் செலுத்தும் தொகையையும் உயர்த்திக்கொண்டே போகலாம். அடல் திட்டத்தில் 5,000 ரூபாய்ப் படியை எட்டியவருக்கு அதற்குமேல் ஏற ஏணியே இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

அதே நெசவாளர் அடல் திட்டத்தில் மாதம் 577 ரூபாய் செலுத்திக்கொண்டே, தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் ஒரு கணக்குத் தொடங்குகிறார் என்று கொள்வோம். இரண்டிலும் ஒருவரே இருப்பதற்குத் தடையில்லை. முதலாண்டில் 12,000 ரூபாய் செலுத்துகிறார். தீபாவளிக்கு முன் வேலை மிகுந்த காலத்தில் பெரும்பகுதியும், பொங்கலையொட்டி எஞ்சியதும் போகின்றன. நெசவுக் கூலி உயருவதற்கேற்ப ஆண்டுதோறும் 5 விழுக்காடு கூட்டிச் செலுத்துகிறார். அதாவது இரண்டாம் ஆண்டில் 12,600, மூன்றாம் ஆண்டில் 13,230 என்று தொடர்கிறது.

இந்த நிதி ஆண்டுக்கு 9 விழுக்காடு வளர்ந்தால் 60ஆம் வயதில் ஏறத்தாழ 26 லட்சத்து 84 ஆயிரம் ரூபாய் திரளும். 7 விழுக்காடே வளர்ந்தால் 19 லட்சத்து 74 ஆயிரம். முழுவதையும் 6 விழுக்காட்டு ஆனுவிட்டியில் இட்டால், முதல் நிலையில் மாதம் 13,420 ரூபாயும் இரண்டாம் நிலையில் 9,870 ரூபாயும் வரும். இன்றைய பண மதிப்பில் அவை முறையே 3,105, 2,284 ரூபாய். அடல் திட்டத்தின் 1,157 ரூபாயையும் சேர்த்தால், இன்றைய மதிப்பில் மாதம் ஏறத்தாழ 3,400 முதல் 4,300 ரூபாய் வரை.

இது செழிப்பான வாழ்வன்று. ஆயினும் அரிசி, பருப்பு, மருந்து ஆகியவற்றுக்குப் பிள்ளைகளின் கையை எதிர்பாராத நிலை. ஆண்டுதோறும் கூட்டாமல் அதே 12,000 ரூபாயையே செலுத்தி வந்திருந்தால், 9 விழுக்காடு வளர்ந்தாலும் திரள்வது 16 லட்சத்து 36 ஆயிரமே. ஆண்டுதோறும் கூட்டிச் செலுத்தி, 7 விழுக்காடே வளர்ந்த நிதி இதனினும் பெரிது. எந்த நிதி அதிக இலாபம் தரும் என்று தேடுவதைவிட, தொகையை உயர்த்திக்கொண்டே போவது பெரும்பயன் தருகிறது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

எங்கே இடறுகிறோம்?

அடல் திட்டத்தில் இடறுவது பெரும்பாலும் வங்கிக் கணக்கில் பணமில்லாத நாளில்தான். குறித்த தொகை கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படும். மழைக்காலத்தில் கரிமூட்டம் நின்று வருவாய் வற்றிய மாதத்தில் கணக்கு வெறுமையாக இருந்தால், தவணை தவறும். தாமதத்துக்குக் கூடுதல் கட்டணமும் சேரும். இது தொடர்ந்தால் பராமரிப்புக் கட்டணங்கள் சேமிப்பையே அரிக்கத் தொடங்கும். இதற்கு ஒரு வழி உண்டு. மாதத் தவணைக்குப் பதிலாகக் காலாண்டுத் தவணையோ அரையாண்டுத் தவணையோ தேர்ந்துகொள்ளலாம். 30 வயதில் 5,000 ரூபாய்ப் படிக்கு அரையாண்டுத் தவணை 3,405 ரூபாய். அதற்கென்றே தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று வைத்து, அறுவடைப் பணம் வந்தவுடன் ஓராண்டுத் தொகையை அதில் போட்டுவிட்டால் வருத்தமில்லை. தாங்க முடியாத ஆண்டில் படியைக் குறைத்துக்கொள்ளவும், பின்னர் உயர்த்திக்கொள்ளவும் ஆண்டுக்கு ஒரு முறை இடமுண்டு. கணக்கையே முடித்துவிடுவதைவிட இது எவ்வளவோ நலம். ஏனெனில் 60 வயதுக்கு முன் தாமாக விலகுவோருக்கு, தாம் செலுத்தியதும் அது ஈட்டியதும் செலவு போகத் திரும்பக் கிடைக்குமேயன்றி, அரசின் உறுதி கிடைக்காது.

சந்தைத் திட்டத்தில் இடறுவது வேறு இடத்தில். 2020 சனவரியில் 42,000 அளவைத் தொட்ட சென்செக்ஸ், கொரோனாத் தொற்று பரவிய அவ்வாண்டு மார்ச்சு 23 அன்று 26,000க்கும் சற்றுக் கீழே இறங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது மீண்டு எழுந்தது என்பது உண்மை. ஆனால் அந்த மார்ச்சில் 60 வயது நிறைந்து, பணத்தில் கணிசமான பகுதி பங்குகளில் இருந்து, உடனே எடுக்கவேண்டிய கட்டாயமும் இருந்தவர் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். அவருக்கு அந்த மீட்சியால் பயனில்லை. இதனாலேயே வயது ஏற ஏறப் பங்குகளின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். திட்டத்திலேயே இதற்கு ஏற்பாடு உள்ளது. தானாக மாறும் நடுத்தர வகையைத் தேர்ந்தவர்க்கு 35 வயது வரை பாதிப் பணம் பங்குகளில் இருக்கும். பின் படிப்படியாகக் குறைந்து 55ஆம் வயதில் 10 விழுக்காடாகும். கவனித்துக்கொள்ள நேரமில்லாதவர்க்கு இதுவே தக்கது. 30 வயதில் சந்தை வீழ்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அப்போது செலுத்தும் பணம் மலிந்த விலையில் பங்குகளை வாங்குகிறது. 58 வயதில் வீழ்ந்தால்தான் துன்பம்.

மூன்றாவது இடறல் 60ஆம் வயதிலேயே வருகிறது. முன்பு இத்திட்டத்தில் திரண்ட தொகையில் 40 விழுக்காட்டைக் கட்டாயமாக ஆனுவிட்டியில் இடவேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி, அரசுப் பணியில் இல்லாதவர்க்கு இது 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 80 விழுக்காடு வரை ரொக்கமாகவே பெறலாம். 8 லட்சம் ரூபாய்க்குள் திரண்டவர்கள் முழுவதையும் பெறலாம். இதனை விடுதலை என்று மகிழ்வோர் பலர். ஆனால் நம் ஊர்களில் நடப்பது என்ன? பெரிய தொகை ஒன்று கைக்கு வந்ததென்றால், பேத்தியின் திருமணமும், ஆழ்துளைக் கிணறும், பழைய கடனும் வாயிலில் வந்து நிற்கும். இரண்டாண்டில் பணம் கரைந்துவிடும். அதன்பின் இருபதாண்டு முதுமை எஞ்சி நிற்கும். அடல் திட்டம் ரொக்கமாகத் தருவதில்லை என்று குறைகூறுவோர், அந்தப் பிடிவாதமே ஒரு காவல் என்பதை உணரவேண்டும். மாதந்தோறும் வரும் சிறு தொகையை எவரும் கடனாகக் கேட்பதில்லை.

யாருக்கு எது?

18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர், வருமான வரி செலுத்தாதவராயின், முதலில் அடல் திட்டத்தில் தம்மால் தவறாமல் செலுத்தக்கூடிய படியில் சேர்வது நன்று. 577 இயலாதெனில் 30 வயதில் 231 ரூபாய் செலுத்தி 2,000 ரூபாய்ப் படியில் நிற்கலாம். கணவனும் மனைவியும் தனித்தனியே சேர்ந்தால் ஓய்வூதியம் இரட்டிப்பாகும் என்பதையும் பலர் அறியார். தறியில் கணவருக்குச் சமமாக உழைக்கும் பெண்ணுக்கு அவர் பெயரிலேயே ஓர் ஓய்வூதியம் இருப்பது நியாயமுமாகும்.

இந்த அடித்தளம் அமைந்தபின், கையில் மிஞ்சுவதைத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில், வருவாய் வரும் பருவங்களில் செலுத்தி, ஆண்டுதோறும் கூட்டி வருக. 40 வயதைக் கடந்தவர்க்கு முதல் வாயில் அடைபட்டுவிட்டது. அவருக்கு இரண்டாவதே வழி. 50 வயதை எட்டியவர் பெரும்பகுதியை அரசுக் கடன் பத்திரங்களில் வைப்பதே அறிவுடைமை.

இரண்டிலும் சேருபவர் மறவாமல் செய்யவேண்டியது ஒன்றுண்டு. சேரும்போது தரப்படும் 12 இலக்க ஓய்வூதியக் கணக்கு எண்ணை, வாரிசின் பெயரோடு ஒரு தாளில் எழுதி, நிலப்பட்டாவும் குடும்ப அட்டையும் இருக்கும் பெட்டியிலேயே வைத்திடுக. மணமாகாமல் சேர்ந்து பின்னர் மணமுடித்தவர், வங்கிக்குச் சென்று துணைவரின் பெயரைப் பதிந்துகொள்க. கணவர் இருபதாண்டு கட்டிய பணம் எங்கே இருக்கிறது என்று அறியாமல் ஒரு கைம்பெண் அலுவலகம் அலுவலகமாக அலையும் நிலை, அந்த ஒரு தாளினால் நீங்கும்.